குடம் எங்கிருந்து புறப்படுகிறது? ஒரு குருக்களுக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்

நாற்பது நிமிடக் குறும்படம் ஒன்றின் திரைக்கதையில் வரும் சடங்குக் காட்சிகளைச் சரிபார்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கதை எளியது. காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள சிறிய சிவன் கோயிலில் பல ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடக்கிறது. நாள் தவறாமல் சாயரட்சைக்கு வந்து நின்ற ஒரு பாட்டி, படுக்கையில் விழும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருக்கிறார். கும்பாபிஷேகத்தை முன்னின்று நடத்துபவர் அக்கோயிலின் இளம் குருக்கள். படத்தின் உயிர் மூன்று காட்சிகளில் இருந்தது. முதல் காட்சியில் பாட்டி, கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாள் மாலை மூலவருக்கு நடக்கும் தீபாராதனையைக் கண்ணீருடன் பார்க்கிறார். இரண்டாவது காட்சியில், மறுநாள் விடியற்காலையில் குருக்கள் யாகசாலையில் தனியாக அமர்ந்து இறைவனைக் குடத்துக்குள் எழுந்தருளச் செய்கிறார். மூன்றாவதில் அவர் விமானத்தின் மேல் ஏறிக் கலசத்தின் மீது குடத்தைக் கவிழ்க்கிறார், கருடன் வட்டமிடுகிறது, படம் முடிகிறது.

இவற்றுள் இரண்டு காட்சிகள் அடிப்படையிலேயே நடக்க முடியாதவை என்பது எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதைவிட எனக்கு உறுத்தியது, குருக்கள் ஒருவருக்குக் கடிதம் எழுதி, அவரிடமிருந்து பதில் பெற்ற பிறகும் அது தெரியாமல் போனதுதான். அதற்குக் காரணம் அவர் அல்லர், நான் கேட்ட விதம்.

முதல் கடிதத்தில் திரைக்கதையின் மூன்று காட்சிகளையும் இணைத்து, எட்டுக் கேள்விகள் எழுதியிருந்தேன். “கும்பாபிஷேகத்தன்று காலையில் கும்பத்தில் ஆவாகனம் செய்வார்கள் அல்லவா?”, “யாகசாலையிலிருந்து குடத்தை எடுத்துச் சென்று விமானக் கலசத்தில் ஊற்றுவார்கள், அப்படித்தானே?” என்பன போன்ற கேள்விகள் அவை. பத்து நாள் கழித்து வந்த பதிலில், எல்லாம் சரியாகவே இருப்பதாகவும், முயற்சி நல்லபடி நிறைவேற அம்பாள் அருள்புரிவாள் என்றும் இரண்டு வரிகள் இருந்தன. பெரியவர் பொய் சொல்லவில்லை. கும்பாபிஷேகத்தன்று காலையிலும் யாகசாலைக் கும்பத்துக்குப் பூஜை உண்டு. குடம் யாகசாலையிலிருந்துதான் போகிறது. ‘ஆமாம்’ என்று சொல்லும்படி கேட்டிருந்தேன், அவர் ஆமாம் என்றார். மேலும், ஊர் பேர் தெரியாத ஒருவர் மரியாதையாக எழுதி அனுப்பிய கதையில் பிழை சுட்டுவது அவர் தலைமுறையில் வழக்கமும் அல்ல.

பிழை வெளிப்பட்டது ஒரு பத்திரிகையால். உறவினர் வீட்டில் கிடந்த கும்பாபிஷேக அழைப்பிதழ் ஒன்றின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் படித்தேன். வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சிகளில் ரக்ஷாபந்தனம், கும்பாலங்காரம், கலாகர்ஷணம், யாகசாலைப் பிரவேசம், முதல் கால யாகபூஜை என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். கும்பாபிஷேகமோ ஞாயிற்றுக்கிழமை காலை. கலாகர்ஷணம் என்பது மூர்த்தியில் விளங்கும் இறைச் சக்தியை மந்திரபூர்வமாகக் கும்பத்துக்கு மாற்றி எழுந்தருளச் செய்வது. அது வெள்ளி மாலையே முடிந்துவிட்டது என்றால், சனிக்கிழமை மாலை எங்கள் பாட்டி எந்த மூலவருக்கு நடந்த தீபாராதனையைப் பார்த்தார்? அந்த ஒரு கேள்வியில் முதல் காட்சி சரிந்தது. இரண்டாவது காட்சியும் அதன்மேல்தான் நின்றது.

இரண்டாவது கடிதத்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. திரைக்கதையை இணைக்கவில்லை. கதையைக் கண்முன் வைத்தால் அவர் கதைக்கு ஏற்றபடி பதிலை வளைத்துக்கொடுக்கக் கூடும் என்பதை முதல் கடிதம் கற்றுத் தந்திருந்தது. சடங்கின் பொருளைக் கேட்பதையும் தவிர்த்தேன். பொருள் கேட்டால் சொற்பொழிவு கிடைக்கும், ஆனால் காட்சி எழுதத் தேவைப்படுவது எந்தக் கை எந்தப் பொருளை எப்போது எங்கே வைக்கிறது என்பதே. கடிதத்தின் முக்கியப் பகுதி இது:

“மதிப்பிற்குரிய சிவாச்சாரியார் அவர்களுக்கு, நமஸ்காரம். முன்பு தாங்கள் அன்போடு அனுப்பிய பதில் கிடைத்தது. நான் கேட்ட முறையே சரியில்லை என்று பின்னர் உணர்ந்ததால், மீண்டும் ஒருமுறை தொந்தரவு தருகிறேன்; பொறுத்தருள வேண்டும். பொதுவாகக் கும்பாபிஷேகம் எப்படி நடக்க வேண்டும் என்று இந்தமுறை நான் கேட்கவில்லை. தங்கள் கோயிலில் கடைசியாக நடந்த கும்பாபிஷேகத்தில், திருப்பணி தொடங்கிய நாள் முதல் மூலவருக்கு அபிஷேகம் ஆன வேளை வரை, சுவாமி எப்போது எங்கே எழுந்தருளியிருந்தார் என்பதை மட்டும் வரிசையாகச் சொன்னால் போதும். அந்தந்த நாளில் மூலவர் சன்னிதி திறந்திருந்ததா, நித்திய பூஜை எங்கே நடந்தது, பக்தர்கள் எங்கே நின்று சேவித்தார்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். பிரதான கும்பத்தை யார் எடுத்தார், எதன் மேல் வைத்தார், எந்த வழியாகக் கொண்டுபோனார், ஊற்றும் முன் அதிலிருந்து எவற்றை எடுத்தார் என்பவற்றைத் தாங்கள் அருகில் நின்று பார்த்தபடியே சொல்லுங்கள். இவற்றில் வெளியில் சொல்லக் கூடாதவை, படத்தில் காட்டக் கூடாதவை, காட்டினாலும் ஒலி கேட்கக் கூடாதவை எவை என்று தாங்கள் குறிப்பிட்டால், அவற்றை எழுதாமல் விட்டுவிடுவோம். தங்கள் கோயில் வழக்கமும் பத்ததியில் உள்ளதும் வேறுபடும் இடம் இருந்தால், வழக்கத்தையே சொல்ல வேண்டுகிறேன். கதை நடப்பதும் ஒரு கோயிலில்தான்.”

கடைசி வேண்டுகோளுக்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் காமிகம், காரணம் ஆகிய ஆகமங்களின் வழியே பெரும்பாலும் பூஜை நடக்கிறது. கிரியைகளைச் செய்யும்போது சிவாச்சாரியார்கள் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகோரசிவாசாரியாரின் பத்ததியும் அதைப் பின்பற்றிய கைநூல்களுமே. நூல் ஒன்றாக இருந்தாலும், கோயிலின் அளவு, வசதி, மரபு ஆகியவற்றைப் பொறுத்து நடைமுறை மாறும். ஒரு குண்டத்தில் முடிப்பவர்களும் உண்டு, ஐந்து, ஒன்பது என்று அமைப்பவர்களும் உண்டு, உத்தம பட்சமாக 33 குண்டங்கள் வைப்பவர்களும் உண்டு. இரண்டு கோயில்களின் நடைமுறையைக் கலந்து ஒரு காட்சியை எழுதினால், எந்தக் கோயிலிலும் நடக்காத ஒரு கும்பாபிஷேகம்தான் திரையில் வரும்.

பதில் ஆறு பக்கங்களில், கோடு போட்ட தாளில், நாள்வாரியாக வந்தது. முதல் பக்கத்தின் முதல் பத்தியிலேயே நான் எதிர்பார்க்காத ஒரு சொல் இருந்தது: பாலாலயம். திருப்பணி தொடங்கும் முன்பே மூலவரின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, அங்கிருந்து மூலவரின் உருவம் வரைந்த ஒரு மரப்பலகைக்கு மாற்றி, மண்டபத்தில் தனியிடம் அமைத்து வைத்திருக்கிறார்கள். கல்லாலான சிவலிங்கம் இடம் பெயர்வதில்லை. அது கருவறையிலேயே இருக்கும். ஆனால் அன்று முதல் வழிபாடு பாலாலயத்தில்தான். சன்னிதிக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே கொத்தனாரும் ஸ்தபதியும் வேலை செய்வார்கள். அந்தக் கோயிலில் இது பதினொரு மாதம் நீடித்தது. ஆகவே எங்கள் பாட்டி, முந்தைய நாள் மட்டும் அல்ல, ஏறத்தாழ ஓராண்டாகவே மூலவரைப் பார்த்திருக்க வழியில்லை.

இங்கேதான் நான் பத்திரிகையிலிருந்து ஊகித்ததும் பாதி தவறு என்று தெரிந்தது. கலாகர்ஷணம் என்றால் மூலலிங்கத்திலிருந்து கும்பத்துக்கு என்று நினைத்திருந்தேன். பாலாலயம் செய்த கோயிலில், யாகசாலை தொடங்கும் மாலையில் பாலாலயப் பலகையிலிருந்தே கும்பத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள், ஏனெனில் சுவாமி அப்போது இருப்பது அங்கேதான். ‘எப்போது எங்கே’ என்று கேட்காமல் ‘கலாகர்ஷணம் எப்படி’ என்று கேட்டிருந்தால், இது மூன்றாவது பிழையாகப் படத்தில் ஏறியிருக்கும்.

கும்பத்தைப் பற்றி அவர் எழுதிய பகுதியைக் கலை இயக்குநர் நகல் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டார். குடத்தின் வெளிப்புறம் முழுவதும் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறுசிறு கட்டங்கள் விழும்படி நெருக்கமாகச் சுற்றுவார்கள். நூல் சுற்றாத குடத்துக்குப் பூஜை இல்லை. குடம் உடல், நூல் நாடி, உள்ளே நிரப்பிய நீர் இரத்தம், மேலே வைக்கும் தேங்காய் தலை, மாவிலைக் கொத்து சடை என்று பாவிப்பது மரபு. தர்ப்பையை முடிந்து செய்த கூர்ச்சம் நீருக்குள் நிற்கும். அதன் நுனி மாவிலைகளுக்கு நடுவே தெரியும். வஸ்திரமும் மாலையும் சாத்திய பிறகு நூல் ஏறத்தாழ மறைந்துவிடும். எங்கள் படப்பிடிப்புக்கு வாங்கி வைத்திருந்த குடத்தில் கழுத்தில் மட்டும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கிருகப்பிரவேசத்துக்கு வைக்கும் கலசம் போல அது இருந்ததை, கடிதத்தைப் படித்த பிறகுதான் நாங்கள் கண்டோம். மாற்றுக் குடத்துக்கு நூல் சுற்ற, பழக்கமில்லாத இரண்டு பேருக்கு ஒரு முழுப் பிற்பகல் பிடித்தது. நூலைத் தளர்வாக விட்டால் குடத்தைத் தூக்கும்போதே அது நழுவிக் கீழே இறங்கிவிடுகிறது.

அஷ்டபந்தனத்தையும் நாங்கள் தவறான நாளில் வைத்திருந்தோம். லிங்கத்துக்கும் அதன் பீடமான ஆவுடையாருக்கும் இடையே சாத்தும் அந்த மருந்து கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டுப் பொருள்களால் ஆனது. அதை இடித்து இடித்து, மெழுகு போல இளகிய பக்குவத்தில் உருட்டிச் சாத்துவார்கள். திரைக்கதையில் அபிஷேகம் முடிந்த பிறகு குருக்கள் அதைச் சாத்துவதாக இருந்தது. நீர் இறங்காமல் மூட்டை அடைப்பதற்காகச் சாத்துவதை, நீர் ஊற்றிய பிறகு யாராவது சாத்துவார்களா என்று சிவாச்சாரியார் ஒரே வரியில் கேட்டிருந்தார். அது கும்பாபிஷேகத்துக்கு முந்தைய நாளே முடிந்துவிட வேண்டிய வேலை. பட்டியலைப் பார்த்து எழுதினேனே தவிர, அந்த மருந்து எதற்காக என்று நான் யோசித்திருந்தால் அவரிடம் கேட்கவே தேவையிருந்திருக்காது.

யாகசாலை நாள்களின் கணக்கு அவர் கடிதத்தில் தெளிவாக இருந்தது. ஐந்து குண்டங்கள், நான்கு கால பூஜைகள்: வெள்ளி மாலை முதல் காலம், சனி காலையும் மாலையும் இரண்டாம், மூன்றாம் காலங்கள், ஞாயிறு காலை நான்காம் காலம். நான்காம் காலத்தில் நாடி சந்தானமும் ஸ்பர்சாகுதியும் நடக்கும். யாகசாலைக்கும் மூலவருக்கும் இடையே தர்ப்பைக் கயிற்றை ஓடவிட்டு இரண்டையும் இணைப்பது நாடி சந்தானம். ஓமத்தின் நெய்யை மூர்த்தியில் தொட்டுச் சேர்ப்பது ஸ்பர்சாகுதி. பிறகு மகா பூர்ணாகுதி, யாத்ரா தானம், கடம் புறப்பாடு. வெள்ளி மாலை ஆறு மணி அளவில் கும்பத்துக்கு எழுந்தருளிய சுவாமி, ஞாயிறு காலை பத்து மணி அளவில் மூலவரிடம் சேர்கிறார் என்றால் அது ஏறத்தாழ 40 மணி நேரம். கருவறையில் கல் லிங்கம் இருக்கிறது. சுவாமி வெளியே யாகசாலையில் இருக்கிறார். இயக்குநர் இந்த வாக்கியத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். கதை அங்கே மாறியது.

இன்னொரு திருத்தம் ஆள்களைப் பற்றியது. எங்கள் திரைக்கதையில் இளம் குருக்கள் ஒருவரே எல்லாவற்றையும் செய்தார். உண்மையில் யாகசாலையை நடத்த ‘சர்வசாதகம்’ என்னும் பொறுப்பில் அனுபவம் மிக்க ஒரு சிவாச்சாரியாரை, பெரும்பாலும் வெளியூரிலிருந்து, அழைத்து வருவார்கள். குண்டத்துக்கு ஒருவராகவும், சன்னிதிக்கு ஒருவராகவும் பலர் துணை நிற்பார்கள். வேதபாராயணம் செய்வோரும் திருமுறை ஓதும் ஓதுவாரும் தனித்தனியே இருப்பார்கள். ஓதுவாரை நாங்கள் முற்றிலும் மறந்திருந்தோம். தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5 அன்று நடந்த குடமுழுக்கைத் தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நடத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது ஊரறிந்த செய்தி. அதற்குப் பிறகு எடுக்கப்படும் படத்தில் யாகசாலைக் காட்சியில் ஒரு தேவாரக் குரல்கூட இல்லாமல் போவது கவனக்குறைவு என்றே சொல்வேன். இளம் குருக்களுக்கு எங்கள் கதையில் புதிய இடம் கிடைத்தது: அவர் சர்வசாதகரின் உதவியாளர், ஆனால் பாலாலயத்தில் பதினொரு மாதம் நித்திய பூஜை செய்தவர் அவர்.

குடம் ஊற்றும் காட்சியில் மூன்று இடங்கள் திருந்தின. விமானத்தின் மேல் குடத்தை அப்படியே கவிழ்ப்பதில்லை. தேங்காயையும் மாலையையும் எடுத்து வைத்துவிட்டே நீரை ஊற்றுவார்கள். சிகரம்தோறும் ஒருவர் குடத்தோடு காத்திருந்து, கீழிருந்து கொடி அசைந்ததும் எல்லாக் கலசங்களிலும் ஒரே நேரத்தில் ஊற்றுவார்கள். ஆகவே இயக்குநர் விரும்பிய ‘தனியே ஒருவர் வானத்தின் கீழ்’ என்னும் படிமத்துக்கு இடமில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, விமானத்தோடு சடங்கு முடிவதில்லை. பிரதான கும்பம் கருவறைக்குள் போய் மூலவருக்கு அபிஷேகம் ஆகும்போதுதான் சுவாமி திரும்பி வருகிறார். கூட்டம் முழுவதும் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேளைக்குச் சற்றுப் பின்னால், உள்ளே சிலர் மட்டும் நிற்கும் இடத்தில் அது நடக்கிறது. கருடனைப் பற்றி அவர் எழுதியது: “வந்தால் சந்தோஷம். வரவில்லை என்றால் கும்பாபிஷேகத்தில் குறை என்று யாரும் சொல்வதில்லை. கிரியையில் அது ஓர் அங்கம் அல்ல.” கருடனை எடுத்துவிட்டோம்.

சொல்லக் கூடாதவை பற்றிய கேள்விக்கு அவர் தந்த பதில் சுருக்கமாகவும் உறுதியாகவும் இருந்தது. கலாகர்ஷணத்தின்போது சொல்லும் மந்திரங்கள் தீட்சை பெற்றவர்களுக்கு உரியவை என்பதால், நடிகர் வாயில் அவற்றை வைக்க வேண்டாம் என்றார். கையின் முத்திரைகளை மிக அருகில் காட்ட வேண்டாம் என்றார். கூர்ச்சத்தால் பலகையைத் தொட்டுக் கும்பத்தைத் தொடுவதைத் தொலைவிலிருந்து காட்டலாம். அந்த நேரத்தில் நாதசுவரமும் தவிலும் கெட்டிமேளமாக ஒலிக்கும் என்பதால், மந்திரம் கேட்காமல் போவது இயல்பாகவே இருக்கும் என்று வழியும் அவரே சொன்னார். இதைத் தடை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. மந்திரத்தைப் பாதி தெரிந்து எழுதியிருந்தால் உச்சரிப்பில் வந்திருக்கக் கூடிய பிழைகள் அனைத்தும் அந்த ஒரு யோசனையால் இல்லாமல் போயின.

அவர் சொன்னவற்றை மற்றொரு மாவட்டத்தில் உள்ள சிவாச்சாரியார் ஒருவரிடம் தொலைபேசியில் சரிபார்த்தேன். பாலாலயத்துக்குப் பலகை வைப்பது பற்றியும், சன்னிதி எப்போது சாத்தப்படும் என்பது பற்றியும் அவர் வேறுவிதமாகச் சொன்னார். அவர் கோயிலில் கும்பத்தையே வைத்துப் பாலாலயம் நடந்திருந்தது. இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல என்பதால், முதல் சிவாச்சாரியாரின் கோயில் வழக்கத்தையே தொடக்கம் முதல் இறுதி வரை பின்பற்றினோம். இரண்டாமவர் சொன்னதிலிருந்து ஒரு பொருளைக்கூட எடுத்துச் சேர்க்கவில்லை.

திருத்திய திரைக்கதையில் முதல் காட்சி இப்படி ஆயிற்று. சனிக்கிழமை மாலை. பாட்டி பழக்கத்தில் நேராகச் சன்னிதிக்குப் போகிறார். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே அஷ்டபந்தனம் இடிக்கும் சத்தம் கேட்கிறது. அவர் திரும்பிப் பாலாலயம் இருந்த மண்டபத்துக்கு வருகிறார். பலகை இருந்த இடத்தில் நேற்றைய பூக்கள் மட்டும் கிடக்கின்றன. இளம் குருக்கள் சமித்துக் கட்டுடன் யாகசாலையை நோக்கி விரைகிறார்.

“ஏம்ப்பா, சாமி இப்ப எங்கதான் இருக்காரு?”

“கும்பத்துல இருக்கார் பாட்டி. வாங்கோ, அங்க வந்து சேவிச்சுக்கலாம்.”

இந்தப் பக்கங்களை மட்டும் சிவாச்சாரியாருக்கு அனுப்பினேன். இப்போது கேட்க வேண்டியது வரிசை அல்ல, சொல் மட்டுமே என்பதால் திரைக்கதையைக் காட்டுவதில் தயக்கம் இருக்கவில்லை; எந்தச் சொல் தங்கள் வாயில் வராது என்று மட்டும் குறிக்கும்படி கேட்டிருந்தேன். மூன்று இடங்களில் பென்சிலால் கோடிட்டுத் திருப்பி அனுப்பினார். முதல் இரண்டும் எழுத்துப் பிழைகள். மூன்றாவது கோடு குருக்களின் பதிலில் ‘கும்பத்துல’ என்ற சொல்லின் கீழ் இருந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில், யாகசாலையில் சுவாமிக்குக் கும்பத்திலும் பூஜை உண்டு, அக்கினியிலும் பூஜை உண்டு, ஆகவே கும்பத்தில் மட்டும் இருப்பதாக எங்கள் பிள்ளை எவனும் சொல்ல மாட்டான் என்று எழுதி, அதன் கீழே மாற்று வசனத்தையும் தந்திருந்தார்: “யாகசாலையில இருக்கார் பாட்டி.” படத்தில் அந்த வசனம்தான் இருக்கிறது.